புதுப்பிப்பு: ரேட் உயர்வு அறிவிப்பை அனுப்பிவிட்டேன்

முன்பு கேட்டது: "ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு கேட்லாக் டிசைன் செய்கிறேன். ஜூலை 1 முதல் பக்கத்துக்கு 500 ரூபாயை 600 ஆக்குகிறேன். மனக்கசப்பு வராமல் எப்படிச் சொல்வது?"

காரணத்தை விளக்கமாக எழுதச் சொன்னார் ஒருவர். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. கரண்ட் பில், வாடகை என்று அடுக்கினால் பேரம் பேச வழி விட்டதாகிவிடும். கணக்காளர் அண்ணன் கேட்டதுதான் முக்கியமானது: "ஜூலை 1 முதல் என்றால் ஆர்டர் தேதியா, பில் தேதியா?"

அதனால் அறிவிப்பை இப்படி மாற்றினேன்:

"வணக்கம் சார். ஜூலை 1 முதல் உறுதியாகும் ஆர்டர்களுக்குப் பக்கத்துக்கு 600 ரூபாய். ஜூன் 30க்குள் உறுதி செய்தவை எப்போது முடிந்தாலும் 500தான். இரண்டு முறை திருத்தம் வழக்கம்போல் இதிலேயே அடங்கும். இத்தனை நாள் வேலை கொடுத்ததற்கு நன்றி."

ஜூன் முதல் வாரமே ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டுத் தனித்தனியாக அனுப்பினேன். ராணிப்பேட்டைக்காரர் "சரிம்மா" என்றதோடு, தள்ளிப்போட்டிருந்த சாண்டல் கேட்லாக்கையும் பழைய ரேட்டிலேயே உறுதி செய்துவிட்டார். ஆம்பூரில் ஒருவர் மட்டும், ஜூனில் ஓகே செய்த கேட்லாக்கில் ஆகஸ்டில் சேரும் புதுப் பக்கங்களுக்கு எந்த ரேட் என்கிறார். புது ஆர்டர் என்றே நினைக்கிறேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.