கேஸ்கட்டைக் கொடுத்து இம்பெல்லர் விலை வாங்கிய கதை: எக்செல் விழுங்கிய பூஜ்ஜியங்கள்

பம்புக்கடை, கோவை

மூன்று வாரம் ஆகியும் மனது ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். மோட்டார் பம்ப் உதிரி பாகங்கள் விற்கிறோம். கம்பெனியிலிருந்து காலாண்டுக்கு ஒருமுறை மின்னஞ்சலில் விலைப்பட்டியல் வரும், சிஎஸ்வி கோப்பு. அதைச் சொடுக்கித் திறப்பேன், எங்கள் லாபத்தைச் சேர்ப்பேன், சேமிப்பேன், பில்லிங் மென்பொருளில் ஏற்றுவேன். ஆறு வருடமாக இதே பழக்கம்தான்.

இந்த முறை கம்பெனிக்காரர்கள் புதிய சரக்குகளுக்கு ஆறு இலக்கக் குறியீடு கொடுத்துவிட்டார்கள். பழையவற்றுக்கு அதே நான்கு இலக்கம். 4170 என்பது பழைய கேஸ்கட். 004170 என்பது புதிய இம்பெல்லர். எக்செல்லில் திறந்ததும் இரண்டுமே 4170 ஆகிவிட்டன. மென்பொருள் ஒரே குறியீடு இரண்டு தடவை வந்ததைப் பார்த்து, பெயரை முதல் வரியிலிருந்தும் விலையைக் கடைசி வரியிலிருந்தும் எடுத்துக்கொண்டது. எனக்கு ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் இம்பெல்லர் வாங்க வந்தார். பையன் அவர் கொண்டுவந்த அட்டைப் பெட்டியிலிருந்த எண்ணைத் தட்டினான், திரையில் வந்த பெயரைப் பார்த்து எடுத்துக் கொடுத்தான், பில் 1,640 ரூபாய். அவர் உறையைப் பிரித்து, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதற்கா தம்பி இவ்வளவு?" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

அன்று இரவே உட்கார்ந்து, எல்லாக் குறியீட்டையும் இதைப் போட்டு ஆறு இலக்கமாக்கினேன்:

```
=TEXT(A2,"000000")
```

இப்போது பழைய கேஸ்கட்டும் 004170 ஆகிவிட்டது. பட்டியலில் 1,840 வரிகள். எது நான்கு, எது ஆறு என்று எப்படிப் பிரிப்பது?

கணக்கர் மணி

இதற்கு சூத்திரமே தேவையில்லை. குறியீட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து Format Cells > Custom போய் `000000` என்று கொடுங்கள். பூஜ்ஜியம் வந்துவிடும். நான் பத்து வருடமாக இப்படித்தான் செய்கிறேன், ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

செல்வி_ஸ்டோர்ஸ்

எங்களுக்கும் பூஜ்ஜியம் காணாமல் போயிற்று. இருப்பு இல்லாத சரக்குக்கு 0 என்று வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. Options > Advanced உள்ளே "Show a zero in cells that have zero value" என்று ஒன்று உண்டு. அதில் குறி போட்டால் சரியாகிவிடும் அண்ணா. செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பம்புக்கடை, கோவை

செல்வி அக்கா, அது வேறு பூஜ்ஜியம். எனக்கு எண்ணுக்கு முன்னால் நிற்பது போய்விட்டது.

பழைய ஈடிபி ஆள்

மணி அவர்கள் சொன்னது திரைக்குப் பூச்சு. அறைக்குள் இருப்பது அப்போதும் 4170 என்ற எண்தான். 004170 என்று எழுத்தாக வைத்திருக்கும் இன்னொரு தாளோடு VLOOKUP போட்டால் `#N/A` என்றுதான் வரும். அதோடு, பம்புக்கடையாரின் குறியீடுகள் ஒரே நீளம் இல்லை. அவருடைய சிக்கலே அதுதான். ஆறு பூஜ்ஜிய வடிவம் கேஸ்கட்டுக்கும் சேர்த்துத் தொப்பி மாட்டிவிடும்.

பம்புக்கடையாரே, முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். எத்தனை பூஜ்ஜியம் இருந்தது என்ற தகவல் இப்போது உங்கள் கோப்பில் இல்லை. 4170 என்று சேமித்த நொடியிலேயே அது போய்விட்டது. எந்தச் சூத்திரம் போட்டாலும் ஊகம்தான். ஆனால் கம்பெனி அனுப்பிய மின்னஞ்சல் இருக்கிறது அல்லவா? அந்த இணைப்பை மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள். சொடுக்கித் திறக்காதீர்கள். நோட்பேடில் திறந்து பாருங்கள், பூஜ்ஜியங்கள் அப்படியே நிற்கும். அங்கேயும் இல்லையென்றால் தவறு கம்பெனி பக்கம், உங்கள் பக்கம் இல்லை.

பிறகு வெற்று எக்செல் தாளைத் திறந்து Data > From Text/CSV வழியாக அந்தக் கோப்பைக் கொண்டுவாருங்கள். வரும் சாளரத்தில் Data Type Detection என்ற இடத்தில் "Do not detect data types" என்பதைத் தேர்ந்தெடுத்து Load கொடுங்கள். எல்லா வரிசையும் எழுத்தாக வரும். கோப்பில் தலைப்பு வரி இருந்தால் அது இரண்டாவது வரியாக வந்து நிற்கும், அதை நீக்கிவிடுங்கள். விலை வரிசையை மட்டும் பிற்பாடு எண்ணாக்கிக்கொள்ளலாம். குறியீட்டு வரிசையில் தப்பித்தவறி ஏதாவது எண்ணாகிவிட்டதா என்று பார்க்க:

```
=SUMPRODUCT(--ISNUMBER(A2:A1841))
```

விடை 0 என்று வர வேண்டும். பக்கத்து வரிசையில் `=LEN(A2)` போட்டு இழுத்தால் 4, 6 தவிர வேறு எதுவும் வரக் கூடாது. 5 வந்தால் எங்கோ ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி, எந்தெந்தச் சரக்குகள் ஒன்றோடொன்று மோதின என்பது. இதற்கு எக்செல்லின் ஒரு குறையையே பயன்படுத்திக்கொள்ளலாம். COUNTIF, எழுத்தாக இருக்கும் 004170-ஐயும் 4170-ஐயும் ஒன்றாகவே எண்ணும். மற்ற நேரங்களில் இதனால் எனக்குத் தலைவலிதான். ஆனால்

```
=COUNTIF(A$2:A$1841,A2)
```

என்று போட்டு, 1-க்கு மேல் வரும் வரிகளை மட்டும் வடிகட்டினால், மாட்டிக்கொண்ட ஜோடிகள் உங்கள் கண்முன் நிற்கும். கம்பெனி ஒரே குறியீட்டை நிஜமாகவே இரண்டு தடவை எழுதியிருந்தால் அதுவும் இதில் வரும், கண்ணால் பார்த்துக் கழித்துவிடுங்கள்.

கணக்கர் மணி

பூச்சு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டீர்கள். வடிவம் கொடுத்துவிட்டு சிஎஸ்வியாகச் சேமித்துப் பாருங்கள். நோட்பேடில் பூஜ்ஜியத்தோடுதான் இருக்கும். என் குறியீடுகள் எல்லாம் ஐந்து இலக்கம். எனக்கு அது போதும்.

பழைய ஈடிபி ஆள்

அது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். சிஎஸ்வியில் திரையில் தெரிவதுதான் போகும். ஒரே நீளம் என்பதால் உங்களுக்கு ஒத்துவருகிறது. ஆனால் அதே கோப்பை "சரியாக வந்திருக்கிறதா" என்று பார்க்க மறுபடி எக்செல்லில் திறந்து, மூடும்போது "சேமிக்கவா" என்ற கேள்விக்கு ஆம் என்றால் எல்லாம் போயிற்று. நான் பார்த்த விபத்துகளில் பாதி, சரிபார்க்கப் போய் நடந்தவை.

யாழ் தனியார் வகுப்பு

நான் யாழ்ப்பாணத்தில் தனியார் கல்வி நிலையம் ஒன்றின் பதிவேட்டைப் பார்க்கிறேன். எமக்குத் தொலைபேசி இலக்கங்கள்தான் வினை. பெற்றோரின் இலக்கம் 077, 076 என்று பூச்சியத்தில் தொடங்கிப் பத்து இலக்கம். எக்செல்லில் ஒன்பதாகிவிடும். ஒன்பது இலக்கம் உள்ளவற்றுக்கு மட்டும் முன்னால் ஒரு பூச்சியம் சேர்த்தேன்:

```
=IF(LEN(A2)=9,"0"&A2,A2)
```

உள்நாட்டு இலக்கங்கள் எல்லாம் சரியாகின. இங்கே நிலையான தொலைபேசியும் 021 என்று தொடங்கிப் பத்து இலக்கம்தான், ஆகவே ஊகம் பிழைக்கவில்லை.

என் மனதில் நிற்பது வேறு. இந்தியாவில் இருக்கும் சில உறவினர்களின் இலக்கங்களும் பட்டியலில் இருந்தன, 91 சேர்த்துப் பன்னிரண்டு இலக்கம். திரையில் 9.19841E+11 என்று தெரிந்தது. அறையைச் சொடுக்கினால் மேலே முழு இலக்கமும் தெரிகிறதே என்று கவலைப்படாமல் சிஎஸ்வியாகச் சேமித்தேன். மறுநாள் திறந்தால் முதல் ஆறு இலக்கத்துக்குப் பிறகு எல்லாம் பூச்சியம். நான்கு குடும்பங்களுக்கு ஒரே தொலைபேசி. பரீட்சைப் பெறுபேறு வந்த நாளில், அந்த நான்கு வீட்டுக்கும் செய்தி போகவில்லை. ஒரு தாயார் மூன்று நாள் கழித்து எடுத்து, "பிள்ளை தேறவில்லையோ, அதனால்தான் நீங்கள் சொல்லவில்லையோ" என்று கேட்டார். பிள்ளை நன்றாகவே தேறியிருந்தது.

நெல்லை ரமணி

தொலைபேசி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பதா பத்தா என்று எண்ணுவது எல்லா ஊருக்கும் பொருந்தாது. இந்தியாவில் பூஜ்ஜியம் இல்லாமல் எஸ்டிடி குறியீடும் எண்ணும் சேர்ந்தாலே பத்து இலக்கம். சென்னை 044 என்றால் 44-இல் தொடங்கும், கைபேசி இல்லை என்று உடனே தெரியும், ஏனென்றால் நம் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரைதான் தொடங்கும். பெங்களூர் 080. பூஜ்ஜியம் போனால் 80-இல் தொடங்கும் பத்து இலக்கம், அச்சு அசல் கைபேசி எண்ணைப் போலவே இருக்கும். எங்கள் அலுவலகத்தில் பெங்களூர் முகவர்களின் தரைவழி எண்களுக்கு மாதக்கணக்கில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். "ஏன் பதிலே இல்லை, பெரிய மனிதர்களாகிவிட்டார்களா?" என்று மேலாளர் திட்டிக்கொண்டிருந்தார். நான் இப்போது முகவரி வரிசையைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். அதுவும் முழு வழி இல்லை, பெங்களூர்க்காரர்களுக்கும் 80-இல் தொடங்கும் கைபேசி இருக்கலாம் அல்லவா?

மளிகை மொத்தம், விருதுநகர்

எங்கள் பாடு சுலபம். ஜிஎஸ்டிக்கு எச்எஸ்என் குறியீடு போட வேண்டும். பருப்பு வகை 0713, மிளகு 0904, மஞ்சள் 0910. எக்செல்லில் எல்லாம் மூன்று இலக்கமாகிவிடும். ஆனால் இந்தக் குறியீடு 4, 6, 8 என்று இரட்டைப்படையில்தான் வரும், எதுவும் 00-இல் தொடங்காது. ஆக, ஒற்றைப்படையில் இருந்தால் ஒரே ஒரு பூஜ்ஜியம் போயிருக்கிறது, அவ்வளவுதான்:

```
=IF(ISODD(LEN(A2)),"0"&A2,A2&"")
```

அரிசி 1006 தப்பித்துவிடும். பம்புக்கடைத் தம்பிக்கு இது உதவாது, தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

ஒரு வாசகர்

எல்லாரும் ஏன் இவ்வளவு சுற்றுகிறீர்கள்? சிஎஸ்வியில் குறியீட்டை இரட்டை மேற்கோளுக்குள் போட்டு அனுப்பச் சொன்னால் எழுத்தாக வந்துவிடுமே.

பழைய ஈடிபி ஆள்

வராது. எக்செல் மேற்கோளைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பது எண் மாதிரி இருந்தால் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். `="004170"` என்று எழுதினால் எக்செல் எழுத்தாக ஏற்கும். ஆனால் அதே கோப்பு பில்லிங் மென்பொருளுக்குப் போனால், சமக்குறியும் மேற்கோளும் குறியீட்டின் பகுதியாகவே உள்ளே போய் உட்கார்ந்துவிடக்கூடும். அந்த வழி வேண்டாம்.

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்கள் Options > Data பகுதியில் "Remove leading zeros and convert to a number" என்பதன் குறியை எடுத்துவிடலாம். 2023-இல் வந்த வசதி. ஆனால் அது அந்தக் கணினிக்கு மட்டும். கோப்பைப் பக்கத்து மேசைக்கு அனுப்பினால் அங்கே பழைய கதைதான்.

பம்புக்கடை, கோவை

செய்துவிட்டேன். மின்னஞ்சலில் மூலக் கோப்பு பத்திரமாக இருந்தது. COUNTIF போட்டு வடிகட்டியதில் 22 வரிகள், அதாவது 11 ஜோடிகள். நான் நூற்றுக்கணக்கில் இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒன்பது ஜோடிகளை உடனே பிரித்துவிட்டேன்.

இரண்டு ஜோடிகளில் மாட்டிக்கொண்டேன். இந்த மூன்று வாரத்தில் அவற்றின் பெயரில் 14 பில் போயிருக்கிறது. ஒரு ஜோடியில் இரண்டுமே மெக்கானிக்கல் சீல், விலை வித்தியாசம் 35 ரூபாய். பில்லைப் பார்த்து எது போனது என்று சொல்ல முடியவில்லை. நாளை கடையை அடைத்துவிட்டு, கிடங்கில் மீதமிருக்கும் பெட்டிகளை எண்ணப் போகிறேன். பையனும் வருகிறேன் என்கிறான்.

பெரியவருக்கு அன்றே பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சரியான இம்பெல்லரையும் கொடுத்தனுப்பினேன். அந்த ரப்பர் வளையத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

செல்வி_ஸ்டோர்ஸ்

இப்போதுதான் எங்கள் பட்டியலைப் பார்த்தேன் அண்ணா. எங்கள் குறியீடுகளிலும் முன்னால் நின்றதைக் காணவில்லை. மூலக் கோப்பை யாரிடம் கேட்பது? அனுப்பியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.