மெம்பரேன் பெட்டிப் படத்தை வைத்துப் போலியா என்று சொல்ல முடியுமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம்வாசி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். போர் தண்ணீர்தான், டிடிஎஸ் 1100 காட்டுகிறது. சமீபத்தில் வீட்டு ஆர்.ஓ.வுக்கு 80 ஜிபிடி மெம்பரேன் மாற்றினோம். இணையத்தில் கிடைத்த நம்பருக்குப் போன் செய்தோம். கம்பெனி சர்வீஸ் என்று சொல்லி ஒருவர் வந்து மாற்றிக் கொடுத்தார். பில் கேட்டதற்கு அப்புறம் அனுப்புகிறேன் என்றவர், இன்று வரை அனுப்பவில்லை.

முந்தைய மெம்பரேன் புதிதாகப் போட்டபோது வரும் தண்ணீர் 80-க்குள் இருந்தது. இப்போது 260. நல்லவேளையாகப் பழைய பெட்டி பரணில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். புதுப் பெட்டியில் பிராண்டு பெயரின் நீலம் வெளுத்த மாதிரி தெரிகிறது. பார்த்துச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை தம்பி

சந்தேகமே வேண்டாம் அக்கா, போலிதான். நிறம் ஒத்துப்போகவில்லை. பக்கவாட்டில் இறக்குமதியாளர் விலாசம் தனி ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. அசல் கம்பெனி பெட்டியிலேயே அச்சடித்துவிடும். க்யூஆர் இருந்தால் ஸ்கேன் செய்து பாருங்கள். கம்பெனி தளம் திறந்தால் அசல், திறக்காவிட்டால் போலி.

பண்ருட்டி வாத்தியார்

எனக்கு எதற்குக் கம்பெனி மெம்பரேன் என்றே புரியவில்லை. வேறு பெயரில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அதையும் எல்லோரும் போலி என்கிறீர்கள். நான் இதே பிராண்டுதான் இணையக் கடையில் மலிவாக வாங்கினேன். தண்ணீர் 75 காட்டுகிறது. உங்கள் பெட்டியும் என்னுடையதும் ஒரே மாதிரி இருக்கின்றன. என்னுடைய படத்தையும் போடுகிறேன்.

நெல்லித்தோப்பு சர்வீஸ்

புதுச்சேரியில் இந்த வேலையிலேயே ரொம்ப வருடமாக இருக்கிறேன். தம்பி சொன்ன மூன்றும் பாதிதான் சரி.

நிறத்தை நம்பாதீர்கள். ஒரு படம் டியூப்லைட்டில் எடுத்தது, இன்னொன்று ஜன்னல் வெளிச்சத்தில். போதாததற்கு வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும். அச்சகம் மாறினாலே அசல் பெட்டியிலும் நீலம் கொஞ்சம் மாறும். இறக்குமதிப் பொருளுக்கு இங்கே வந்த பிறகு விலாச ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கமான ஒன்று. ஆனால் அச்சிட்ட எம்.ஆர்.பி.யை மறைத்து அதைவிடக் கூடுதல் விலை ஒட்டியிருந்தால், அது விதிப்படியே தவறு. க்யூஆரைப் பொறுத்தவரை, கம்பெனி முகப்புப் பக்கம் திறந்தால் மட்டும் போதாது. அந்தக் கோடை யார் வேண்டுமானாலும் நகல் எடுத்து அச்சடிக்கலாம். ஹோலோகிராமைச் சாய்த்துப் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும், படத்தில் அது வெறும் வெள்ளி ஒட்டு.

படத்தில் நான் முதலில் பார்ப்பது லாட் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும்தான். பெட்டி ஆயிரக்கணக்கில் ஒரே தடவையில் அச்சாகும். எண்ணும் மாதமும் பின்னால், சரக்கு நிரப்பும்போது தனியாக விழும். அதனால் பெரும்பாலும் இங்க்ஜெட் புள்ளிகளாகவோ தனி ஸ்டிக்கராகவோ, கொஞ்சம் கோணலாகவோ இருக்கும். எண் பெட்டியின் மற்ற எழுத்தோடு ஒரே மையில், ஒரே வழவழப்பில் இருந்தால் எனக்கு உறுத்தும்.

மேடம், அந்த இடத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்து டாக்குமெண்டாக அனுப்புங்கள். வாத்தியார் சார், நீங்களும். அதோடு மேடம், மிஷினில் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று சின்னத் திருகு இருந்தால் முழுதாக மூடி, ஒரு டேங்க் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி அளந்து சொல்லுங்கள். அது திறந்திருந்தால் போர் தண்ணீர் கலந்து வரும். அந்தக் கணக்கில் மெம்பரேனைக் குறை சொல்லக் கூடாது.

முத்தியால்பேட்டை அக்கா

என் மிஷினுக்கு 24 வோல்ட் அடாப்டர் மாற்றினார்கள். பெட்டி அப்படியே பழைய மாதிரி. ஆனால் கையில் எடுத்தால் பழையதில் பாதி எடைகூட இல்லை. அன்றிலிருந்து டேங்க் நிரம்ப ராத்திரி முழுக்க ஆகிறது. மெம்பரேன் போலியாக இருக்குமோ?

நெல்லித்தோப்பு சர்வீஸ்

அக்கா, உங்களுக்கு முதலில் அடாப்டரைத்தான் பார்க்க வேண்டும். போதுமான கரண்ட் வராவிட்டால் பம்ப் அழுத்தம் இறங்கும், தண்ணீர் குறையும், டிடிஎஸ்ஸும் ஏறும். அடாப்டரில் R- என்று தொடங்கும் எட்டு இலக்க எண் இருந்தால் BIS Care செயலியில் போட்டுப் பாருங்கள். எந்தக் கம்பெனி, எந்தப் பிராண்டுக்குக் கொடுத்த எண் என்று வரும். அது அடாப்டரில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பம்வாசி

கண்ட்ரோலரை மூடி அளந்தேன் சார், 210 வருகிறது. தெரிந்த பிளம்பரை விட்டு ஹவுசிங்கைத் திறந்து பார்த்தோம். மெம்பரேன் முனையில் இருக்கும் இரண்டு ஓரிங்கும் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கின்றன. பம்ப் அழுத்தமும் சரி என்றார். படங்கள் அனுப்பியிருக்கிறேன். பழைய பெட்டியில் லாட் எண் புள்ளி புள்ளியாக, அடிக்கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது. புதியதில் எண் பளிச்சென்று இருக்கிறது, மாதம் மட்டும் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி.

நெல்லித்தோப்பு சர்வீஸ்

வாத்தியார் சார் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பெட்டியிலும் லாட் எண் கடைசி எழுத்து வரை ஒன்றே. ஆனால் மேடம் பெட்டியில் மாதம் 08/2024, சார் பெட்டியில் 11/2023. ஒரே லாட்டில் தயாரான இரண்டு மெம்பரேனுக்குத் தயாரிப்பு மாதம் ஒன்பது மாதம் தள்ளி வராது. ஓர் அசல் பெட்டியை ஸ்கேன் செய்து எண்ணோடு சேர்த்து அச்சடித்துவிட்டு, மாதத்தை மட்டும் அவ்வப்போது குத்துகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தனியாக ஒரு பெட்டியை மட்டும் பார்த்திருந்தால் நான் சந்தேகம் என்பதோடு நின்றிருப்பேன்.

பண்ருட்டி வாத்தியார்

என் தண்ணீர் 75 தானே வருகிறது? நன்றாகத்தானே இருக்கிறது?

நெல்லித்தோப்பு சர்வீஸ்

உள்ளே போகும் தண்ணீர் எவ்வளவு சார்?

பண்ருட்டி வாத்தியார்

400.

நெல்லித்தோப்பு சர்வீஸ்

400-ல் 75 என்றால் கிட்டத்தட்ட 19 சதவீத உப்பு அப்படியே வெளியே வருகிறது. மேடத்துக்கு 1100-ல் 210, அதுவும் 19 சதவீதம். நல்ல புது மெம்பரேன் வீட்டு மிஷினில் 90 சதவீதத்துக்கு மேல் உப்பைத் தடுக்க வேண்டும், இவை 81-ல் நிற்கின்றன. உங்கள் ஊற்று நல்ல ஊற்று, அதனால் குறை வெளியே தெரியவில்லை.

நீங்கள் முதலில் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பெயரில் விற்கும் மலிவு மெம்பரேன் போலி இல்லை. அடுத்தவர் பெயரைப் போட்டுக்கொண்டு வருவதுதான் போலி.

லாஸ்பேட்டை தம்பி

அப்போ லாட் எண் தனியாக, புள்ளியாக இருந்தால் அசல் என்று எடுத்துக்கொள்ளலாமா அண்ணா?

நெல்லித்தோப்பு சர்வீஸ்

முடியாது தம்பி. அசல் பெட்டிக்குள் போலியை வைத்தும் தருகிறார்கள். மாற்ற வரும் சிலர் காலிப் பெட்டியைக் குப்பையில் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போவார்கள். அதை விடாதீர்கள், நாலாகக் கிழித்துப் போடுங்கள். ஹவுசிங்கில் மாட்டும் முன்னால் உறை பிரிக்காமல் ஒரு படம், மெம்பரேன் மேல் இருக்கும் லேபிள் ஒரு படம் எடுத்து வையுங்கள். பெட்டி எண்ணும் லேபிள் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

மஞ்சக்குப்பம்வாசி

மெம்பரேன் மேல் லேபிளே இல்லை சார், வெறும் வெள்ளை டேப்தான் சுற்றியிருக்கிறது. இரண்டு பெட்டிப் படங்களையும் கம்பெனி வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை. 1915-லும் புகார் பதிந்தாயிற்று, ஆனால் பில் இல்லாததால் ஜிபே ரசீதைத்தான் கொடுத்தேன். வாத்தியார் சார், உங்களிடம் ஆர்டர் பில் இருக்கிறது அல்லவா, நீங்களும் ஒரு புகார் போடுங்கள். அதோடு, அந்த ஆளே மாற்றிய கார்பன் பில்டரின் படத்தையும் இங்கே போட்டிருக்கிறேன். அதில் லாட் எண்ணே இல்லை, யாராவது அதே உறையை வாங்கியிருந்தால் சொல்லுங்கள்.