ஒக்டோபர் பெயர்ச்சிப் பட்டியலை என் சாதகத்தோடு எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

வெள்ளவத்தை வாசகி (2025 ஒக்டோபர் 5):
எனக்கு மீன ராசி, பூரட்டாதி 4ஆம் பாதம். சந்திரன் மீனத்தில் 1 பாகை 20 கலையில் இருக்கிறார். திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் பார்த்து இம்மாதப் பெயர்ச்சிகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்: 3இல் புதன் துலாம், 9இல் சுக்கிரன் கன்னி, 17இல் சூரியன் துலாம், 18இல் குரு கடகம், 24இல் புதன் விருச்சிகம், 27இல் செவ்வாய் விருச்சிகம். செவ்வாய் ஏற்கெனவே துலாத்தில் இருப்பதால், எட்டாம் இடத்தில் மூன்று கிரகங்கள் சேர்வதைக் கண்டு மனம் கலங்குகிறது. குரு ஐந்துக்கு வருவதைப் பார்த்தால் தெம்பாகவும் இருக்கிறது. டிசெம்பரில் கடையை வேறு இடத்துக்கு மாற்றும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டியுள்ளது. இவற்றில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது?

கொட்டாஞ்சேனை அன்பர்:
சூரியன், புதன், சுக்கிரன், செவ்வாய் எல்லாம் வேகமாக ஓடும் கிரகங்கள், அவற்றை விட்டுவிடுங்கள். குரு ஒரு ராசியில் ஒரு வருடம் இருப்பார். ஐந்தில் குரு வந்துவிட்டார் என்றால் அடுத்த ஒக்டோபர் வரை உங்களுக்குக் கவலையே இல்லை.

தெஹிவளை வாசகர்:
எனக்குச் சிம்ம ராசி, அட்டமச் சனி நடக்கிறது. நானும் வாடகை வீடு மாறத்தான் இருக்கிறேன். மாறலாமா?

பம்பலப்பிட்டி ஐயா:
தெஹிவளைத் தம்பி, உங்கள் சாதகத்தைத் தனி இழையில் இடுங்கள், அங்கே பார்ப்போம்.

தங்கச்சி, முதலில் உங்கள் பட்டியலில் இல்லாத கிரகத்தைப் பாருங்கள். பெயர்ச்சிப் பட்டியல் அந்த மாதத்தில் ராசி மாறுபவர்களைத்தான் காட்டும். இருந்த இடத்திலேயே இருப்பவர் அதில் வரமாட்டார். சனி மார்ச் 29இல் மீனத்துக்கு வந்து, யூலையில் ஏறக்குறைய 8 பாகை வரை போய், வக்கிரமாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார். நவம்பர் 28இல் வக்கிரம் நீங்கும்போது மீனத்தில் 1 பாகைக்குச் சற்றுக் குறைவாக நிற்பார். அதாவது நவம்பர் தொடக்கத்திலிருந்து டிசெம்பர் மூன்றாம் வாரம் வரை உங்கள் சந்திரனை விட்டு ஒரு பாகைகூட விலகமாட்டார். உங்களுக்கு முதற்கணக்கு இதுதான்.

குருவைப் பற்றிக் கொட்டாஞ்சேனை அன்பர் சொன்னது மெதுவான கிரகங்களுக்குரிய பொது விதி, ஆனால் இந்த முறை அது பொருந்தாது. குரு இப்போது அதிசாரமாகக் கடகத்துக்குப் போகிறார். அங்கே ஒரு பாகைகூட முழுதாக நகராமல், நவம்பர் 11இல் வக்கிரமாகி, டிசெம்பர் 5இல் மிதுனத்துக்குத் திரும்பிவிடுவார். மீண்டும் கடகத்துக்கு வருவது 2026 ஜூன் 2இல்தான். கடகத்தில் இருக்கும்வரை அவருடைய ஒன்பதாம் பார்வை மீனத்தில் சந்திரனோடு இருக்கும் சனிமேல் விழும். மிதுனத்துக்குத் திரும்பியதும் அந்தப் பார்வை போய்விடும்.

எட்டாமிடக் கூட்டம் 17 முதல் 27 வரைதான். புதன் அதற்குள்ளேயே 24இல் கிளம்பிவிடுகிறார். எட்டில் புதனைக் கோசாரத்தில் நல்லதாகவே சொல்வார்கள். அந்தப் பத்து நாளும் உடம்பைக் கவனித்துக்கொண்டால் போதும். அதற்காக வேகக் கிரகங்களை அடியோடு விட்டுவிடவும் கூடாது, ஏனெனில் மெதுவானவர் உண்டாக்கிவைத்த நிலைமைக்கு நாள் குறித்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். டிசெம்பர் 7இல் செவ்வாய் தனுசுக்கு வந்ததும் அவருடைய நான்காம் பார்வை மீனத்தைத் தொடும்; ஏறக்குறைய 9ஆம் திகதி உங்கள் சந்திரனின் பாகைக்கே நேராக வரும். குருவின் பார்வை விலகி இரண்டே நாளில் செவ்வாயின் பார்வை தொடங்குகிறது. கையொப்பத்தை டிசெம்பர் 5க்கு முன் முடித்துக்கொள்ளுங்கள், அல்லது மாதக் கடைசிக்குத் தள்ளுங்கள். நடப்புத் தசாபுத்தி நாதன் வலுவாக இருந்தால் இந்தக் கெடுபிடி குறையும். முழுச் சாதகத்தைப் பார்க்காமல் அதற்குமேல் நான் சொல்லமாட்டேன்.

மட்டக்குளி வாசகர்:
ஐயா, எங்கள் குடும்பத்தில் வாக்கியப் பஞ்சாங்கம்தான். அதன்படி சனி 2026 மார்ச் 6 வரை கும்பத்தில் இருக்கிறார். அப்படியானால் இவருக்கு இது விரயச் சனி. சந்திரன்மேல் சனி நிற்கிறார் என்ற கணக்கே எழாதே?

பம்பலப்பிட்டி ஐயா:
உண்மைதான், இரண்டு கணிதத்தையும் கலந்து படிக்கக் கூடாது. தங்கச்சி சாதகப் பாகையைத் திருக்கணிதத்தில் எடுத்திருப்பதால் நானும் அதிலேயே நின்றேன். சோதிக்க ஒரு வழி இருக்கிறது: திருக்கணிதப்படி சனி இந்தப் பாகையை முதல் தடவை கடந்தது ஏப்ரல் இரண்டாம் வாரத்தில். அப்போது ஏதாவது நடந்ததா?

வெள்ளவத்தை வாசகி:
சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர், கடையின் பழைய குத்தகையைப் புதுப்பிக்க முடியாது என்று உரிமையாளர் கடிதம் அனுப்பினார், ஐயா. வேறு இடம் தேடத் தொடங்கியதே அதனால்தான்.

மட்டக்குளி வாசகர்:
இடம் பெயர்வது பன்னிரண்டாம் இடத்துச் சனிக்கும் சொல்லப்படும் பலன்தானே? இந்த ஒன்றை வைத்துக் கணிதத்தை முடிவு செய்ய என் மனம் ஒப்பவில்லை.

பம்பலப்பிட்டி ஐயா:
ஒரு சம்பவம் போதாது என்பதை ஏற்கிறேன். தங்கச்சி, முந்தைய சுற்றில் சனி மீனத்தில் இருந்த 1995 முதல் 1998 வரையான காலத்தில் வீட்டில் நடந்தவற்றை அம்மாவிடம் கேட்டு, மாதத்தோடு எழுதுங்கள். அதை வைத்து இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.