புதுப்பிப்பு: ஹேர் கிளிப் செட்டில் எண்ணிக்கை, நிறம் எழுதும் விதம் (சரியாகிவிட்டது)

முன்பு கேட்டது: "ஆன்லைனில் டிக்டாக் ஹேர் கிளிப் 12 பீஸ் செட் விற்கிறேன். பாதிதான் வந்தது, படத்தில் இருந்த நிறம் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். விவரத்தில் என்ன எழுதணும்?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலன் தந்தது மொத்தக் கடை வைத்திருக்கும் அக்கா சொன்ன வழிதான். வெறும் 12 என்பதைச் சிலர் 12 ஜோடி என்று எடுத்துக்கொண்டார்களாம். இப்போது தலைப்பிலேயே "12 கிளிப், அதாவது 6 ஜோடி" என்று இருக்கிறது. அடுத்த வரி: "6 நிறம், நிறத்துக்கு ஒரு ஜோடி. நிறங்களை நாங்களே தேர்ந்து அனுப்புவோம். படம் மாதிரிக்கு மட்டும்." இதை விவரத்தின் அடியில் போட்டபோது யாரும் படிக்கவில்லை. முதல் படத்தின் மேலேயே எழுதிய பிறகுதான் புகார் நின்றது.

"மல்டிகலர்னு போட்டா போதும்" என்ற தம்பியின் யோசனை பாதி சரி. தேடலில் வருகிறது, ஆனால் ஒவ்வொரு கிளிப்பிலும் பல நிறம் இருக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்களும் உண்டு.

எதிர்பாராதது ஒன்று: நிறத்தைத் தாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிந்ததும், பள்ளிக்குக் கறுப்பு மட்டும் வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதைத் தனி செட்டாகப் போட்டுவிட்டேன். கலவை செட்டிலும் நிறம் தேர்ந்தெடுக்க விடலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. விட்டால் கேட்காத நிறமெல்லாம் தேங்கிவிடும்.