க்ராஸ் ரேஷியோ: குறுக்கு விகிதமா, நாற்புள்ளி விகிதமா?

செ.:
கலப்பெண் பாடத்தில் க்ராஸ் ரேஷியோவுக்குக் 'குறுக்கு விகிதம்' என்றே எழுதிவருகிறோம். எது குறுக்கே போகிறது என்று அந்தச் சொல் சொல்வதில்லை. 'இரட்டை விகிதம்' எப்படி? ஜெர்மன் சொல்லின் பொருளும் அதுதான்.

ரா.:
குறுக்கு விகிதமே போதுமே. a/b = c/d என்றால் குறுக்கே பெருக்குகிறோம், அதுதானே இது?

மு.:
இல்லைங்க. சொல் இப்படித் திசைதிருப்புகிறது என்பதுதான் என் கவலையும். இது a, b, c, d என்ற நான்கு கலப்பெண் புள்ளிகளிலிருந்து வரும் இரண்டு விகிதங்களின் விகிதம்:

```
((a-c)/(b-c)) / ((a-d)/(b-d))
```

மேலே உள்ளதன் வீச்சு, c-யில் நின்று a, b இரண்டையும் பார்க்கும் கோணம். கீழே உள்ளது d-யில் நின்று பார்ப்பது. விடை மெய்யெண் என்றால் இரு கோணங்களும் திசையோடு சமம், அல்லது 180° வித்தியாசம். நான்கும் ஒரே வட்டத்தில் இருந்தால் அப்படித்தான் வரும்: ஒரே வட்டத்துண்டில் அமைந்த கோணங்கள் சமம் என்று பள்ளியில் படித்ததுதான். c, d இரண்டும் ab நாணின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் 180° கணக்கு வரும்.

a=5, b=3+4i, c=−4+3i, d=−5i எடுங்கள். மேலே பெருக்கினால் 54+72i, கீழே 30+40i, விடை 1.8. நான்கும் 5 ஆரமுள்ள வட்டத்தில் இருக்கின்றன. d-யை −6i-க்கு நகர்த்தினால் விடை ஏறத்தாழ 1.79−0.11i. வட்டம் உடைந்துவிட்டது.

வி.:
நான்கு புள்ளிகள் ஒரே வட்டத்திலா என்று பார்க்கும் என் 'ஒருவட்டச் சோதனை' நிரலில், விடையின் கற்பனைப் பகுதி `== 0` என்று சோதித்தேன். வட்டத்திலுள்ள புள்ளிகளையே தவறு என்கிறது. 0, 1, 2, 3 கொடுத்தால் 4/3 வந்து சரி என்கிறது!

மு.:
இரண்டாவது பிழையல்ல. ஒரே நேர்கோட்டுப் புள்ளிகளுக்கும் விடை மெய்யெண்தான். (c−a)/(b−a), (d−a)/(b−a) இரண்டும் மெய்யெண்ணா என்று முதலில் பார்த்து அவற்றை விலக்குங்கள். முதலாவது, கணினி எண்களை முழுதாக்கும்போது வரும் சிறு பிழை. கலப்பெண்ணால் வகுக்காமல் இப்படிச் செய்யலாம்:

```python
n = (a-c)*(b-d)
m = (b-c)*(a-d)
s = (n*m.conjugate()).imag/(abs(n)*abs(m))
```

s என்பது கோண வித்தியாசத்தின் சைன். −6i-க்கு அளவு 0.060, அதாவது 3.5° அளவு விலகல். அளவீட்டுப் பிழைக்கு ஏற்ப எல்லை வையுங்கள். a அல்லது b, c-யோடோ d-யோடோ ஒன்றானால் வகுத்தி பூச்சியமாகும்; a=b அல்லது c=d என்றால் s எப்போதும் பூச்சியமே. நான்கும் ஒரு சின்ன வில்லில் நெருங்கினால் கோணங்கள் 0°, 180°-ஐ ஒட்டியே வரும். வட்டத்தில் இல்லாதவையும் தேறிவிடும். அங்கே இந்தச் சோதனையை நம்பாதீர்கள்.

செ.:
அப்படியானால் 'ஒருவட்டச் சோதனை' என்ற பெயர் பொய் சொல்கிறது. 'வட்டக்கோட்டுச் சோதனை' எனலாம். விகிதத்துக்கு 'நாற்புள்ளி விகிதம்'?

மு.:
'இரட்டை விகிதம்' a²:b² போல ஒலிக்கிறது, அதனால் நாற்புள்ளி எனக்குப் பிடிக்கிறது. ஆனால் வரிசை அதில் தெரியவில்லை: b, c இடம் மாறினால் 1.8, −0.8 ஆகிவிடும். மெய்யெண் என்பது மாறாது, மதிப்பு மாறும்.

ரா.:
பெருக்கல் இல்லை என்று இப்போது புரிகிறது. ஆனாலும் பழகிய சொல்லை விட மனமில்லை; தேடுபவர்கள் குறுக்கு விகிதம் என்றுதான் தேடுவார்கள்.