ஜெனரேட்டரைத் தள்ளி வைப்பது யார் முடிவு? (குறும்பட ஷூட், உப்புவெளி)

உப்புவெளித் தம்பி: அவசரம். நாளைக் காலையும் ஷூட் இருக்கிறது. நான் சவுண்ட். எல்லா டேக்கிலும் ஜெனரேட்டர் இரைச்சல் விழுகிறது. தள்ளி வைக்கச் சொன்னால் லைட்டையும் மின்சாரத்தையும் பார்க்கும் காஃபர் மறுக்கிறார், ஒளிப்பதிவாளரும் அவர் பக்கம். யார் சொல்வது செல்லும்?

நிலாவெளி: எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? என்ன லைட்? உதவி இயக்குநர் இருக்கிறாரா?

கேபிள் அண்ணை: கேபிளின் தடிப்பையும் சொல்லுங்கோ.

மணவறை வீடியோ: மண்டபத்தில் எனக்கும் இதே பிரச்சினை. சத்தத்தை எடிட்டில் எடுத்துவிடலாம், கவலை வேண்டாம்.

பழைய கை: தம்பி, வேலைப் பிரிவு தெரியாமல் செட்டுக்குப் போகக்கூடாது. ஜெனரேட்டர் காஃபருடையது. கிரிப்பிடம் சொல்லி ஒரு பிளாங்கெட் கட்டுங்கள், முடிந்தது.

கேபிள் அண்ணை: ஓடுகிற ஜெனரேட்டரில் பிளாங்கெட் போர்த்தினால் சூடேறித் தீப்பிடிக்கும். அதோடு கிரிப்பின் வேலை ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்க முறையில் லைட்டுக்கு முன்னால் நிற்கும் துணியும் ஃப்ரேமும் கிரிப்புடையவை. பிரிட்டிஷ் முறையில் கிரிப் கேமராவின் டாலி, டிராக்கோடு நிற்பார்.

பழைய கை: நான் பார்த்த செட்டில் எல்லாம் லைட்மேன்தான் துணியும் கட்டினார்.

நிலாவெளி: அதை விடுங்கள், பொடியனுக்கு நாளை ஷூட்.

உப்புவெளித் தம்பி: பத்து மீட்டர், சமையலறைச் சுவருக்கு வெளியே. எல்இடி இரண்டு, ஆயிரம் வாட் பல்பு ஒன்று, மொத்தம் 1600 வாட். கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர். உதவி இயக்குநர் இல்லை, இயக்குநரே நேரமும் பார்க்கிறார்.

கேபிள் அண்ணை: அப்போ கேளுங்கோ. இரைச்சல் விழுகிறது என்று சொல்வது உங்கள் கடமை, ஆனால் டேக்கை நிறுத்தும் முடிவு இயக்குநருடையது. அவருக்கு ஹெட்போனைக் கொடுத்து, வசனத்துக்கு அடியில் கேட்கும் அந்த 'ம்ம்ம்' சத்தத்தைக் காட்டுங்கோ. எடிட்டில் அதைச் சுரண்டினால் குரலின் கனமும் சேர்ந்து போகும். இப்போதே தள்ளி வைப்பதா, பிறகு டப்பிங்கா என்று அவர் தீர்மானிக்கட்டும். எங்கே, எப்படி வைப்பது என்பது காஃபரின் முடிவு. மின்சாரம் ஆபத்து என்று அவர் சொன்னால் இயக்குநரும் மீறக்கூடாது.

வோல்ட் இறங்கும் என்றுதான் அவர் பயப்படுகிறார் போல. 1600 வாட்டுக்கு ஏழு ஆம்பியர். 2.5 கேபிள் 50 மீட்டர் ஓடினாலும் 230-இல் ஐந்து வோல்ட்தான் குறையும். டிரம்மில் சுற்றியபடி விடாமல் முழுவதும் அவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் சூடேறும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போது சுமார் ஆறு டெசிபல் இறங்கும். காற்று செட்டிலிருந்து ஜெனரேட்டர் பக்கம் வீசுகிற மாதிரி இடம் பாருங்கோ, புகையும் உள்ளே வராது.

நிலாவெளி: ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். உங்கள் பைக் சாவியை அதற்குள் வைத்தால் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள்.

பழைய கை: டப்பிங் செய்தால் இந்தச் சண்டையே வராது.

உப்புவெளித் தம்பி: இயக்குநர் ஹெட்போனில் கேட்டார். கிணற்றடி மதிலுக்குப் பின்னால் 40 மீட்டரில் வைத்தோம், வசனம் சுத்தம். ஒளிப்பதிவாளர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நன்றி அண்ணை.