ஓய்வுக்கால நிதி: ஒரே கணக்கு, இரண்டு ஷீட், இரண்டு விடை. எது சரி?

மொட்டைமாடி
வயது 34. 60ல் ஓய்வு, 90 வரை செலவுக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இன்றைய மாதச் செலவு 40,000, பணவீக்கம் 6 சதவீதம், ஓய்வுக்குப் பின் பணம் ஈட்டுவது 8 சதவீதம். 26 வருடத்தில் வருடச் செலவு 4.8 லட்சத்திலிருந்து சுமார் 21.84 லட்சமாகிறது, இதுவரை இரண்டு ஷீட்டும் ஒத்துப்போகின்றன. அதற்கு மேல்தான் குழப்பம். நான் போட்ட ஷீட் 2.65 கோடி போதும் என்கிறது, நண்பர் கொடுத்தது 5.06 கோடி என்கிறது. இரண்டு நாளாக எங்கே தப்பு என்று தேடுகிறேன், கண்ணில் படவில்லை.

தயிர்வடை
இவ்வளவு எதற்கு? வருடச் செலவை 25ஆல் பெருக்குங்கள், முடிந்தது. 4.8 லட்சம் × 25 = 1.2 கோடி. நண்பர் சும்மா பயமுறுத்துகிறார்.

கணக்குப்பிள்ளை
தயிர்வடை, 25 மடங்கு சரி, ஆனால் எதை 25ஆல் பெருக்குகிறீர்கள்? இன்றைய செலவைப் பெருக்கினால் வருவது இன்றைக்கே வேலையை விடுகிறவருக்கான தொகை. 60ல் இருக்கப்போகும் 21.84 லட்சத்தைப் பெருக்கினால் 5.46 கோடி, அதாவது நண்பர் சொன்னதற்குப் பக்கத்தில் வருகிறது. தவிர, அந்த விதியின் வேர் 1994ல் வில்லியம் பெங்கன் அமெரிக்கச் சந்தையின் பழைய தரவுகளை வைத்துப் போட்ட கணக்கு. எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மொட்டைமாடி, உங்கள் ஷீட்டில் கடைசிச் சூத்திரத்தை அப்படியே ஒட்டுங்கள். எனக்கு ஒரு சந்தேகம்.

மொட்டைமாடி
```
=PV(8%, 30, -2183704, 0, 1)
```

கணக்குப்பிள்ளை
நினைத்தேன். 60 வயது வரை பணவீக்கத்தை ஏற்றிவிட்டு, 60வது பிறந்தநாளோடு அதை நிறுத்திவிட்டீர்கள். இந்தச் சூத்திரப்படி 89 வயதிலும் அதே 21.84 லட்சத்தில் வருடம் ஓடுகிறது. விலைவாசி உங்களோடு சேர்ந்து ஓய்வு பெறாது. வட்டி இருக்கும் இடத்தில் பணவீக்கம் போக மிஞ்சுவதைப் போடுங்கள்:
```
=PV(1.08/1.06-1, 30, -2183704, 0, 1)
```
5.06 கோடி வரும். மிஞ்சுவது வெறும் 1.89 சதவீதம்தான். 8லிருந்து 6ஐக் கழித்து 2 என்று போட்டாலும் பெரிய பாவமில்லை, விடை 4.99 கோடிக்கு இறங்கும், அவ்வளவே.

என் பேச்சை நம்ப வேண்டாம். வருடத்துக்கு ஒரு வரியாக ஒரு பட்டியல் போடுங்கள்: ஆரம்ப இருப்பு, அதில் அந்த வருடச் செலவைக் கழி, மீதியை 1.08ஆல் பெருக்கு, அடுத்த வரியில் செலவை 1.06ஆல் பெருக்கு. 2.65 கோடியில் தொடங்கி, இருப்பு எந்த வயதில் மைனஸுக்குப் போகிறது என்று பாருங்கள்.

ராத்திரிரயில்
எனக்கு 39, 50லேயே விட்டுவிடலாம் என்று ஆசை. 8 சதவீதம் தரும் ஃபண்டு எது என்று சொன்னால் நானும் போடுவேன்.

கணக்குப்பிள்ளை
அவர் ஃபண்டைப் பற்றியே பேசவில்லை, அது ஒரு அனுமானம். உங்கள் கணக்கு வேறு மாதிரி: சேர்க்க 11 வருடம், செலவழிக்க 40 வருடம். தனி இழை போடுங்கள்.

மொட்டைமாடி
பட்டியல் போட்டேன். 73 வயது வரியில் அந்த வருடத்துக்கு எட்டு மாதச் செலவுக்குத்தான் இருப்பு, அப்புறம் மைனஸ். 90 வரை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

சரி, 5.06 கோடிக்கு மாதம் எவ்வளவு போட வேண்டும்? 12 சதவீதம் வைக்கலாமா?

கணக்குப்பிள்ளை
வருடாவருடம் போடும் தொகையையும் 6 சதவீதம் கூட்டிக்கொண்டே போவதாக வைத்தால், 12 சதவீதத்துக்கு இன்றைய பணத்தில் மாதம் சுமார் 16,500. 10க்கு 21,800. 8க்கு 28,500. ஒரே இலக்கு, அனுமானம் மட்டும்தான் மாறுகிறது. சேமிப்பு முழுக்கப் பங்கில் இல்லாதபோது மொத்தத்துக்கும் 12 வைப்பது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. நானாக இருந்தால் 10 வைத்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உண்மை நிலவரத்தைப் போட்டுத் திருத்துவேன்.

தயிர்வடை
வயதானால் செலவு குறையுமே, 30 வருடமும் 6 சதவீதம் ஏற்றுவது அதிகமில்லையா?

கணக்குப்பிள்ளை
பயணம், உடை குறையும், மருத்துவச் செலவு ஏறும். எது எதை முந்தும் என்பது ஆளைப் பொறுத்தது, அதனால் நான் குறைப்பதில்லை. இன்னொன்று, இந்த ஷீட் வருடம் தவறாமல் 8 வரும் என்று நம்புகிறது. 60, 61ல் சந்தை பலமாக விழுந்தால், சராசரி அதே 8 ஆக இருந்தாலும் பணம் முன்பே தீரலாம், ஏனென்றால் விழுந்த விலையில் விற்றுத்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

மொட்டைமாடி
அதை ஷீட்டில் எப்படிக் கொண்டுவருவது?

கணக்குப்பிள்ளை
அதே பட்டியலில் முதல் இரண்டு வருடத்துக்கு 1.08க்குப் பதில் 0.85 போட்டுப் பாருங்கள். எந்த வயதில் நிற்கிறது என்று இங்கே எழுதுங்கள்.